எழுத்துரு ஸ்டுடியோவுக்கு விலைப்புள்ளி கேட்டு எழுதும் முதல் மின்னஞ்சல்

"வணக்கம். எங்கள் பதிப்பகத்துக்கென்று தனியாக ஒரு நல்ல தமிழ் எழுத்துரு வேண்டும். எவ்வளவு ஆகும் என்று தெரிவிக்கவும்."

நான் பக்க வடிவமைப்பு செய்துகொடுக்கும் ஒரு சிறு பதிப்பகத்துக்காக முதன்முதலில் அனுப்பிய மின்னஞ்சல் இவ்வளவுதான். இரண்டு நாளில் பதில் வந்தது. அதில் விலை இல்லை, வரிசையாகக் கேள்விகள்தான் இருந்தன. எத்தனை தடிமன்? ஆங்கில எழுத்தும் சேர்த்தா? அச்சுக்கு மட்டுமா, மின்னூலுக்குமா? எந்த மென்பொருளில் பக்கம் கட்டுகிறீர்கள்? எழுத்துரு கடைசியில் யாருக்குச் சொந்தம்? எங்களிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை. சமையல்காரருக்குப் போன் போட்டு "கல்யாணச் சாப்பாடு எவ்வளவு" என்று கேட்டால், எத்தனை இலை, எத்தனை வேளை என்று அவர் திருப்பிக் கேட்பாரே, அதே கதைதான்.

இலைக் கணக்கை முதலிலேயே சொல்லிவிட்டால் பதிலும் விலையோடு வரும். ஒரு மாதிரிப் பதிப்பகத்தை எடுத்துக்கொண்டு, மின்னஞ்சல் எழுத உட்காருவதற்கு முன் என்னென்ன முடிவு செய்ய வேண்டும் என்று பார்ப்போம். நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களையும், பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய நூல்களையும் மறுபதிப்பு செய்யும் பதிப்பகம் அது. இந்தத் துறையில் ஒரே நூலைப் பத்துப் பேர் போடுவார்கள். உரை எல்லோருக்கும் பொதுதான். பதிப்பாசிரியர் உழைப்பும் பக்கத்தின் அழகும்தான் வித்தியாசம். தனி எழுத்துரு என்ற ஆசை இங்கே வருவதில் நியாயம் இருக்கிறது.

முதலில், இருப்பவற்றை அச்சிட்டுப் பாருங்கள்

திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கும் எழுத்துருக்கள் இப்போது நிறைய உண்டு. புத்தக உடலுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், டீரோ தமிழ், மீரா இனிமை என்று மூன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் நூலிலிருந்து ஒரே பக்கத்தை மூன்றிலும் கட்டி, நீங்கள் வழக்கமாக வாங்கும் அதே மேப்லித்தோ தாளில் அச்செடுங்கள். திரையில் பார்ப்பது கணக்கில் சேராது. திரையில் எல்லா எழுத்துருவும் அழகுதான்.

மூன்று தாள்களையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு, எது போதவில்லை என்பதை வாக்கியமாக எழுதுங்கள். "உயிரோட்டம் இல்லை" என்றெல்லாம் எழுதினால் ஸ்டுடியோவுக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இருக்காது. "10.5 பாயின்டில் ண-வின் சுழி மை ஏறி அடைத்துக்கொள்கிறது", "ஒரு வரிக்கு இரண்டு சொல் குறைவாகத்தான் பிடிக்கிறது" என்ற மாதிரி எழுதுங்கள். இந்தப் பட்டியல்தான் பின்னால் மின்னஞ்சலின் நடுப்பகுதி. பட்டியலில் எழுத ஒன்றும் அகப்படவில்லை என்றால் நல்லதுதான். இலவச எழுத்துருவை வைத்துக்கொண்டு அந்தப் பணத்தை மெய்ப்புப் பார்ப்பவருக்குக் கொடுங்கள்.

நம் பதிப்பகத்துக்கு இரண்டு குறைகள் மிஞ்சின என்று வைத்துக்கொள்வோம். பழைய நூல்களை அந்தக் காலத்து எழுத்து வடிவத்திலேயே போட வேண்டும், ஆனால் பிடித்திருந்த எழுத்துருவில் அந்த வடிவங்கள் இல்லை. அதோடு, எழுத்து கொஞ்சம் அகலம்.

பக்கம் கட்டுபவரைக் கேட்டுவிட்டு எழுதுங்கள்

பதிப்பாளர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடும் படி இது. உங்கள் பக்க வடிவமைப்பாளர் இன்னும் பேஜ்மேக்கரில் வேலை செய்கிறாரா? அப்படியானால் புதிதாக வரையப்படும் எழுத்துரு அவருக்குப் பயன்படாது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. அதனால்தான் அங்கே அவை ஓடுகின்றன. இன்று எந்த ஸ்டுடியோவிடம் கேட்டாலும் யூனிகோடு எழுத்துருதான் செய்து தருவார்கள், செய்யவும் வேண்டும்.

"பாமினி மாதிரியே தட்டச்சு செய்ய வசதியாகச் செய்து தாருங்கள்" என்று சிலர் மின்னஞ்சலில் கேட்கிறார்கள். தட்டச்சு முறை விசைப்பலகை மென்பொருளின் வேலை. எழுத்துருவுக்கு அதில் பங்கில்லை. பழைய விசை வரிசை பழகிய கைக்கு, அதே வரிசையில் யூனிகோடு வரும்படி செய்யும் மென்பொருள்கள் தனியாக இருக்கின்றன. அதேபோல், கையிலிருக்கும் பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றுவதும் ஸ்டுடியோவின் பொறுப்பில் வராது. அதை விலைப்புள்ளியில் நுழைக்காதீர்கள்.

இன்டிசைனில் வேலை என்றால் பத்தி அமைப்பில் `Adobe World-Ready Paragraph Composer` தேர்வாகியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். அது இல்லாவிட்டால் எத்தனை நல்ல எழுத்துருவானாலும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், "கொ" உடைந்து வரும். எழுத்துரு பழுது என்று ஸ்டுடியோவோடு சண்டை பிடித்துவிட்டு, பிறகு இந்த ஒரு அமைப்பை மாற்றியதும் எல்லாம் சரியாகிப்போன அசட்டுத்தனம் எனக்கே நடந்திருக்கிறது.

எத்தனை எழுத்து?

தமிழில் எழுத்துகள் 247. அதை அப்படியே மின்னஞ்சலில் எழுதி "247 எழுத்தும் வேண்டும்" என்று கேட்பது சரியாகத் தோன்றும். எழுத்துரு செய்பவர் எண்ணுகிற விதம் வேறு. கா, கெ, கே, கை, கொ என்பவற்றுக்கு "க" ஒன்றுதான், கூட நிற்கும் துணைக்கால், கொம்பு எல்லாம் தனித்தனித் துண்டுகள். அவற்றை ஒருமுறை வரைந்தால் எல்லா எழுத்துக்கும் ஆகிவிடும். ஆனால் கு, கூ, மு, மூ, ணு, ணூ என்ற உகர, ஊகார வரிசைகளில் உருவமே மாறிவிடுகிறது. 18 மெய்க்கு இரண்டு வீதம் அந்த 36-ஐயும் ஒவ்வொன்றாக வரைய வேண்டும். டி, டீ இரண்டும் தனி. மற்ற இகர, ஈகார எழுத்துகளில் கொக்கி எங்கே ஒட்டுகிறது என்பது எழுத்துக்கு எழுத்து மாறும் என்பதால், அக்கறையுள்ளவர்கள் அவற்றையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து வைப்பார்கள். மேலே புள்ளியும் அப்படித்தான். இவற்றோடு கிரந்த எழுத்துகள், ஸ்ரீ, எண்கள், நிறுத்தக்குறிகள். எண்களையும் நிறுத்தக்குறிகளையும் கேட்க மறக்காதீர்கள். வேறொரு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கிய காற்புள்ளி பக்கம் முழுக்கத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஆகவே நீங்கள் எண்ணிக்கை சொல்லத் தேவையில்லை. வழக்கத்துக்கு மேல் என்ன வேண்டும் என்பதை மட்டும் சொல்லுங்கள். நம் பதிப்பகத்துக்கு அது பழைய வடிவம்.

பெரியார் 1935-இல் குடிஅரசு இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஏற்றது. அதில் உருவம் மாறிய எழுத்துகள் 13: ணா, றா, னா, ணை, லை, ளை, னை, ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ. யானைத் தும்பிக்கை மாதிரி முன்னால் வளைந்து நின்ற பழைய லை-யும் னை-யும் வயதானவர்களின் கையெழுத்தில் இப்போதும் பார்க்கலாம்.

பதின்மூன்று என்று சொன்னாலும் வரைய வேண்டியவை ஏழுதான். பழைய ணொ என்பது கொம்பும் பழைய ணா-வும் சேர்ந்தது. ணோ-வுக்கும் அதே ணா, கொம்புதான் இரட்டைக் கொம்பாகும். ஆக ணா, றா, னா மூன்றும் ணை, லை, ளை, னை நான்கும் வரைந்துவிட்டால், மீதி ஆறும் தாமாக அமைந்துவிடும். விலைப்புள்ளியில் பழைய வடிவத்துக்கென்று பெரிய தொகை வந்தால் இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பழைய லை, புதிய லை இரண்டுக்கும் யூனிகோடு குறியீடு ஒன்றே:

```
லை   U+0BB2 U+0BC8
ணொ  U+0BA3 U+0BCA
```

உரைக் கோப்பில் எந்த மாற்றமும் இருக்காது, தேடினால் கிடைக்கும், நாளை புதிய வடிவத்துக்கு மாறினாலும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டாம். வடிவம் மாறுவது எழுத்துருவுக்குள்தான். அதை இரண்டு விதமாகச் செய்யலாம். ஒரே எழுத்துருவில் இரண்டு வடிவமும் இருக்க, `ss01` என்ற வசதியைத் தட்டினால் பழையது வருவது ஒன்று. பழைய வடிவமே இயல்பாக வரும் தனிக் கோப்பு இன்னொன்று. இன்டிசைனில் முதல் வழி சுகமாக வேலை செய்யும். மின்னூல் செயலிகளை அப்படி நம்ப முடியாது. அந்த வசதியைக் கண்டுகொள்ளாத செயலியில், முன்னுரையில் "மூலநூலின் எழுத்து வடிவம் காக்கப்பட்டுள்ளது" என்று பெருமையாக எழுதியிருக்கும், கீழே லை எல்லாம் புதிய லை-யாக நிற்கும். மின்னூல் போடும் எண்ணம் இருந்தால் இரண்டையும் கேளுங்கள். வரைந்து முடித்த பிறகு தனிக் கோப்பாக எடுப்பது பெரிய வேலை கிடையாது.

பஞ்சாங்கம், பழைய கணக்கு நூல், ஓலைச்சுவடிப் பதிப்பு போடுகிறவர்களானால் தமிழ் எண்களையும் மாகாணி, முக்காணி போன்ற பின்னக் குறிகளையும் சொல்ல வேண்டும். பின்னக் குறிகள் யூனிகோடில் 2019-இல்தான் தனித் தொகுதியாகச் சேர்ந்தன. கேட்காமல் யாரும் அவற்றை வரைந்து தர மாட்டார்கள்.

தடிமனும் ஆங்கிலமும்

இவைதான் விலையை இரட்டிப்பாக்குபவை. சாதாரணம், போல்டு என்று இரண்டு தடிமன் கேட்டால் ஏறக்குறைய இரண்டு முறை வரைவதாக அர்த்தம். இரண்டுக்கும் நடுவில் ஒரு தடிமன் வேண்டுமென்றால், இரு முனைகளிலிருந்து மென்பொருளே கணக்கிட்டு எடுத்துவிடும், அதற்குச் செலவு குறைவு. சாய்வெழுத்து தமிழ் அச்சு மரபில் வேர்விட்டதில்லை. நூல்பெயருக்கு ஒற்றை மேற்கோளோ தடித்த எழுத்தோ போதும் என்பது என் கட்சி. விட்டுவிடுங்கள்.

ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, உங்கள் நூல்களில் அது எங்கே வருகிறது என்று பாருங்கள். உரிமைப் பக்கத்திலும் அடிக்குறிப்பிலும் மட்டும் என்றால், திறந்த உரிமத்தில் இருக்கும் ஓர் ஆங்கில எழுத்துருவை அளவு பொருத்திச் சேர்க்கச் சொல்லலாம். புதிதாக வரையச் சொல்ல வேண்டாம்.

அளவு, தாள், அகலம்

நூல் டெமி அளவு, எழுத்து 10.5 பாயின்ட், வரிக்கு வரி 15 பாயின்ட், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ. இந்த ஒரு வரி ஸ்டுடியோவுக்குப் பத்து வாக்கியத்துக்குச் சமம். சிறிய அளவில் மை பரவும் தாளில் ஓடப்போகும் எழுத்துக்குச் சுழிகளைத் திறந்து வைப்பார்கள், புள்ளியைக் கொஞ்சம் பெரிதாக்குவார்கள். வரி இடைவெளியைச் சொன்னால், மேல்வரியில் மூ, ழூ-வின் வால் இறங்கி கீழ்வரியில் கீ, நீ-யின் சுழியில் இடிக்காமல் பார்த்துக்கொள்வார்கள்.

அகலத்தைக் கேட்கும்போது கணக்கோடு கேளுங்கள். 320 பக்க நூல் என்றால் 16 பக்க ஃபாரம் 20. எழுத்தின் அகலத்தில் 6 விழுக்காடு குறைந்தால் ஏறக்குறைய 301 பக்கத்தில் உரை அடங்கும், 304 பக்கம், 19 ஃபாரத்தில் நூல் முடியும். ஆயிரம் படிக்கு ஆயிரம் ஃபாரத்தின் தாளும் அச்சுக்கூலியும் மிச்சம். வருடத்துக்கு ஆறு நூல் போட்டால் இந்த மிச்சம் எழுத்துருச் செலவில் எவ்வளவைத் திருப்பித் தரும் என்று நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆனால் இது உரைநடைக்கு மட்டும் பலிக்கும் கணக்கு. கவிதையில் வரி கவிஞர் நிறுத்திய இடத்தில்தான் நிற்கும், எழுத்து ஒடுங்கினாலும் பக்கம் குறையாது. உரைநடையிலும் ஒரு எல்லைக்கு மேல் ஒடுக்கினால், எந்தச் சுழி அடைக்கிறதென்று குறை எழுதினீர்களோ அதே சுழி மறுபடி அடைக்கும். எவ்வளவு ஒடுக்கலாம் என்பதை அவர்களிடமே விடுங்கள். நோக்கத்தை மட்டும் சொல்லுங்கள்.

உரிமை

காசு கொடுத்துச் செய்யச் சொன்னால் பொருள் நம்முடையது என்பது கடைவீதி வழக்கம். எழுத்துருவில் அது செல்லாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி (1957), சம்பள ஊழியராக இல்லாமல் வெளியிலிருந்து செய்து தருபவரே படைப்பின் உரிமையாளர். உங்களுக்கு அது வர வேண்டுமானால் எழுத்தில், கையொப்பத்துடன் மாற்றித் தந்திருக்க வேண்டும். இதைச் சொல்லும் 19ஆம் பிரிவில் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று கொள்ளப்படும். எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் என்று கொள்ளப்படும். உரிமம் பெறுவதற்கும் இதே விதி பொருந்தும். உங்கள் மின்னூலைக் கொழும்பிலும் கோலாலம்பூரிலும் வாங்குவார்கள் என்றால் "உலகம் முழுவதும், கால வரம்பின்றி" என்ற சொற்கள் ஒப்பந்தத்தில் இருந்தாக வேண்டும். அவற்றை இப்போதே, விலை கேட்கும்போதே சொல்லிவிடுங்கள். பின்னால் சேர்த்தால் விலையும் பின்னால் ஏறும்.

ஆனால் முழு உரிமையும் உங்களுக்கு வேண்டுமா? முழு உரிமை என்றால் ஸ்டுடியோ அதை வேறு யாருக்கும் விற்க முடியாது, அந்த இழப்பையும் உங்கள் தலையில்தான் வைப்பார்கள். "மூன்று ஆண்டு எங்களுக்கு மட்டும், அதன்பின் நீங்கள் பொதுவில் விற்கலாம், எங்களுக்குப் பயன்பாட்டு உரிமம் தொடரும்" என்று கேட்டால் விலை இறங்கும். சிறு பதிப்பகத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. திறந்த உரிமத்திலுள்ள ஓர் எழுத்துருவை எடுத்து, அதில் ஏழு பழைய வடிவங்களைச் சேர்த்து, அகலத்தைத் திருத்தித் தரச் சொல்வது. செலவு பல மடங்கு குறையும். திருத்திய எழுத்துருவை வெளியே கொடுத்தால் அதுவும் அதே திறந்த உரிமத்தில்தான் போக வேண்டும், பழைய பெயர் காக்கப்பட்டிருந்தால் பெயரை மாற்ற வேண்டும். உங்கள் அலுவலகத்துக்குள் வைத்துக்கொண்டு அச்சு நூல் போடுவதற்கு இது தடையில்லை. எழுத்துரு பதிந்த பிடிஎஃப்-பும் அந்த உரிமத்துக்குள் வராது. இரண்டு வழிக்கும் சேர்த்தே விலை கேளுங்கள்.

இனி மின்னஞ்சல்

ஸ்டுடியோ மும்பையிலோ அகமதாபாத்திலோ இருந்தால் ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கும். சாரம் இதுதான்.

> பொருள்: தமிழ்ப் புத்தக எழுத்துரு, இரண்டு தடிமன், பழைய எழுத்து வடிவங்களுடன்: விலைப்புள்ளி வேண்டுகிறோம்
>
> வணக்கம்.
>
> நாங்கள் திருச்சியிலிருந்து இயங்கும் சிறு பதிப்பகம். ஆண்டுக்கு ஆறு முதல் எட்டு நூல்கள், பெரும்பாலும் 1978-க்கு முந்தைய உரைநடை நூல்களின் மறுபதிப்புகள். இந்த வரிசைக்கென்று உடலெழுத்து ஒன்று செய்ய விரும்புகிறோம்.
>
> டெமி அளவு, 10.5/15 பாயின்ட், 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, ஆஃப்செட். பக்கம் கட்டுவது இன்டிசைனில், யூனிகோடில். மின்னூலும் வெளியிடுகிறோம். இணையதளத்தில் இந்த எழுத்துரு தேவையில்லை.
>
> இப்போது பயன்படுத்தும் எழுத்துருவில் எங்களுக்குள்ள குறைகள் இரண்டு. ணா, றா, னா, ணை, லை, ளை, னை, அவற்றைச் சார்ந்த ஒகர, ஓகார எழுத்துகள் பழைய வடிவில் இல்லை. எழுத்து அகலமாக இருப்பதால் 320 பக்க நூலில் ஒரு ஃபாரம் கூடுகிறது. படிக்கும் வசதி கெடாமல் எவ்வளவு ஒடுக்கலாம் என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறோம்.
>
> தேவை: சாதாரணம், போல்டு என இரு தடிமன், கிரந்தம், ஸ்ரீ, எண்கள், நிறுத்தக்குறிகள், பழைய வடிவங்கள் `ss01` வசதியாகவும், தனிக் கோப்பாகவும். ஆங்கிலத்துக்குத் திறந்த உரிம எழுத்துரு ஒன்றைப் பொருத்தினால் போதும். சாய்வெழுத்து வேண்டாம்.
>
> கீழ்க்கண்ட இரண்டுக்கும் தனித்தனியே விலை தர வேண்டுகிறோம்:
> (அ) புதிதாக வரைவது: மூன்று ஆண்டு எங்களுக்கு மட்டும், பிறகு நீங்கள் பொதுவில் விற்கலாம், எங்கள் பயன்பாட்டு உரிமம் உலகம் முழுவதும், கால வரம்பின்றி.
> (ஆ) திறந்த உரிம எழுத்துரு ஒன்றைத் திருத்துவது.
>
> விலையில் எத்தனை முறை திருத்தம் அடங்கும், ஒப்படைத்தபின் எவ்வளவு காலம் பிழை திருத்தித் தருவீர்கள், மூலக் கோப்புகள் சேர்ந்தா தனியா, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்பதையும் குறிப்பிடுங்கள். முதல் கட்டமாக, க, ட, ண, ழ, ணி, கு, மூ, பழைய லை உள்ளிட்ட 12 எழுத்துகளை மட்டும் வரைந்து எங்கள் தாளில் அச்சிட்டுப் பார்க்க விரும்புகிறோம். அதற்கான கட்டணம் தனியாகத் தருகிறோம்.
>
> எங்களால் இயன்ற தொகை ரூ. ________ வரை. முதல் நூல் அடுத்த சென்னைப் புத்தகக் காட்சிக்கு வர வேண்டும். அதற்குள் இயலாதென்றால் சொல்லிவிடுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம்.
>
> இணைப்பு: இப்போதைய நூலின் இரண்டு பக்கம் (பிடிஎஃப்), பழைய பதிப்பின் ஒரு பக்கம் (600 டிபிஐ ஸ்கேன்), இரண்டு பக்க உரை (யூனிகோடு).
>
> இப்படிக்கு,
> (பெயர், பதிப்பகம், தொலைபேசி)

கோடிட்ட இடத்தை உங்களுக்காக நான் நிரப்ப முடியாது. ஆனால் காலியாக விட்டு அனுப்பாதீர்கள். தொகையைச் சொன்னால் அதையே விலையாக்கிவிடுவார்கள் என்ற பயத்தில் பலர் மறைக்கிறார்கள். சொல்லாவிட்டால் அவர்கள் உங்களைப் பெரிய நாளிதழ் என்று நினைத்தோ, ஒன்றும் தேறாது என்று நினைத்தோ பதில் எழுதுவார்கள். சொன்னால், "இந்தத் தொகைக்கு ஒரு தடிமன் செய்யலாம், போல்டை அடுத்த வருடம் பார்க்கலாம்" என்று உருப்படியாகப் பேச்சு நகரும்.

12 எழுத்துக்குக் கட்டணம் தருகிறோம் என்ற வரியும் காரணத்தோடுதான். நாலு ஸ்டுடியோவிடம் இலவச மாதிரி கேட்டால், நேரம் அதிகமுள்ளவர்தான் அனுப்புவார். பழைய ஸ்கேனை இணைப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் இன்று சந்தையில் விற்கும் ஒருவரின் எழுத்துருவை இணைத்து "இதே மாதிரி" என்று எழுதினால் நல்ல ஸ்டுடியோ பின்வாங்கிவிடும்.

பதில் வந்ததும்

இரண்டு பேரிடமிருந்து விலை வந்து ஒன்று மற்றதில் பாதியாக இருந்தால், உடனே குறைந்ததைப் பிடிக்காமல், அதில் என்ன இல்லை என்று தேடுங்கள். பெரும்பாலும் போல்டோ, பிழைதிருத்தக் காலமோ, மூலக் கோப்போ விடுபட்டிருக்கும். மூலக் கோப்பு கையில் இல்லையென்றால், பின்னால் ஒரு குறி சேர்க்கவும் அதே ஸ்டுடியோவைத்தான் தேடிப் போக வேண்டும். டிடிஎஸ் பிடிக்க வேண்டியிருந்தால் அதையும் உங்கள் கணக்காளரிடம் கேட்டு, ஒப்புக்கொள்ளும் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கைக்கு வரும் தொகை குறைந்தபின் விளக்கம் சொல்வது சங்கடம்.

எழுத்துக்கு இவ்வளவு என்று 247-ஐப் பெருக்கி விலை வந்திருந்தால் கொஞ்சம் உஷாராகுங்கள். ஒரே ஒரு கேள்வியைத் திருப்பி அனுப்புங்கள்: "பழைய ணொ உங்கள் எழுத்துருவில் எப்படி அமையும்?" தொழில் தெரிந்தவர் கொம்பும் பழைய ணா-வும் சேர்ந்து தானாக வரும் என்பார். அதற்கென்று தனி எழுத்து வரைந்து தனி விசை தருகிறேன் என்பவர் இன்னும் பாமினி காலத்தில் இருக்கிறார். அவர் செய்து தருவது உங்கள் மின்னூலில் ஓடாது, தேடினாலும் கிடைக்காது.

12 எழுத்து மாதிரி வந்தால் திரையில் பெரிதாக்கிப் பார்த்து ரசித்துவிட்டு மூடி வையுங்கள். அந்தப் பன்னிரண்டை வைத்து அமைக்க முடிந்த சொற்களை 10.5 பாயின்டில், உங்கள் அச்சகத்தில், உங்கள் தாளில் அடியுங்கள். ண-வின் சுழி திறந்திருக்கிறதா, மூ-வின் வால் கீழ்வரியைத் தொடுகிறதா, பழைய லை-யின் தும்பிக்கை முந்தைய எழுத்தில் முட்டுகிறதா என்று பார்த்து, தப்பு தெரியும் இடங்களைச் சிவப்பு மையில் வட்டமிட்டு, தாளை ஸ்கேன் செய்து அனுப்புங்கள். அடுத்த சுற்று வரைதல் அந்த வட்டங்களிலிருந்து தொடங்கும்.